எங்கே பார்த்தீங்க அம்மா

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'எங்கே பார்த்தீங்க அம்மா'. மருத்துவ மன்றத்தின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தவர். "மேடம், இந்த டாக்டர் பேரு பதிவுல இல்லையே?" என்று யார் போன் செய்தாலும், வணக்கம்கூடச் சொல்லாமல், "எங்க பாத்தீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தால் என்ன? மனிதர்களுக்கு வேறு வேலை இல்லையா?

நான் செய்திச் சரிபார்ப்புப் பிரிவு. நிருபர்கள் எழுதுவதை அச்சுக்குப் போகும் முன் சரிபார்த்து, 'போகலாம்' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள், அலுவலகத்திலும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் சொல்வதால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

மேயர் தேர்தலுக்கு மூன்று நாள் இருந்தது. வேட்பாளர்களில் ஒருவர் பெண் டாக்டர். ஊரே அவரைக் காய்ச்சல் டாக்டர் என்று கூப்பிடும். இளம் வயதில் ஒரு விஷக்காய்ச்சல் பரவியபோது சைக்கிளில் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்தவர். அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து, பதினாறு வருடம் முன்பு விலகி, குடிதண்ணீர், சாக்கடை என்று போராடப் போய்விட்டார். அந்த வியாழக்கிழமை காலை எங்கள் நிருபர் ஒருவர் மொட்டைக் கடிதம் ஒன்றோடு ஓடி வந்தார். காய்ச்சல் டாக்டர் டாக்டரே இல்லையாம், எல்லாம் போலியாம்.

படித்துப் பட்டம் வாங்கினால் மட்டும் ஒருவர் வைத்தியம் பார்க்க முடியாது. பட்டம் கல்லூரி கொடுப்பது. அதைக் காட்டி மருத்துவ மன்றத்தில் பெயரைப் பதிவு செய்து, ஒரு பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் டாக்டர். நான் மன்றத்தின் இணையதளத்தைத் திறந்து, வேட்பாளர் தன் பிரசுரத்தில் போட்டிருந்த 21406 என்ற எண்ணைத் தட்டினேன். 'விவரம் இல்லை' என்று வந்தது. பெயரைத் தட்டினேன். அதே பெயரில் ஒரே ஒரு டாக்டர் இருந்தார். ஆனால் எண் 3118. தகப்பனார் பெயர் வேறு, கல்லூரி வேறு, பதிவு செய்த வருடமோ எழுபது வருடத்துக்கு முந்தியது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இல்லாத எண், வேறு ஒருவருடைய பெயர். இதைவிட என்ன வேண்டும்? வேட்பாளரிடம் போனில் கேட்டோம். "சான்றிதழ சட்டம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன், வந்து பாருங்க" என்று சொல்லி, போட்டோ எடுத்தும் அனுப்பினார். அதில் 21406 என்றுதான் இருந்தது. சான்றிதழ் அச்சடிக்கவா ஆள் இல்லை என்றார் நிருபர். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "அஞ்சரைக்குள்ள எனக்கு உறுதியா ஒரு பதில் வேணும். ஏழு மணிக்கு முதல் பக்கம் மூடணும். தப்பா போச்சுன்னா அந்தம்மா பேரும் போச்சு, நம்ம பேரும் போச்சு" என்றார்.

நான் மன்றத்துக்குப் போன் போட்டேன். மணி பன்னிரண்டு.

"மேடம், 21406 பதிவுல இல்லேன்னு வருது. உறுதிதானே?"

"எங்க பாத்தீங்க?"

"உங்க வெப்சைட்லதான் மேடம்! வேற எங்க பாப்பாங்க?"

"வெப்சைட்டுல இல்லேன்னா வெப்சைட்டுல இல்ல. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். நேர்ல வாங்க. மனு எழுதிக் குடுங்க. பதிவேட்டப் பாத்துச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டார். நான் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். ஆனாலும் போனேன்.

அதற்கு முன்பு அவரை நான் நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்து நல்ல உயரமும் கறாருமாக ஒருவரைக் கற்பனை செய்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் குள்ளமாக இருந்தார். நாற்காலியில் இரண்டு பழைய டைரக்டரிகளைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு மர ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், பிசுக்கு இல்லாமல் துடைத்த தொலைபேசி. வேறு ஒன்றும் இல்லை. அப்படி ஒரு சுத்தமான அரசாங்க மேஜையை நான் பார்த்ததே கிடையாது.

மனு எழுதிக் கொடுத்தேன். யாரைப் பற்றி, என்ன எண், எதற்காக என்று எழுதச் சொன்னார். தேடல் கட்டணம் கட்டி ரசீது கொண்டுவந்ததும், அரைத்தாள் ஒன்றை எடுத்து மேலே 'பார்த்த இடம்' என்று எழுதினார். அது அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம். ஒரு பெயரைத் தேட எங்கெல்லாம் பார்த்தாரோ அத்தனையும் அந்தச் சீட்டில் வரிசையாக ஏறும். ஏறி முடியாமல் 'இல்லை' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. முதல் வரியில் 'இணையதளம்' என்று எழுதி, "இத நீங்க பாத்துட்டீங்க. உங்க கணக்குல வச்சுக்கறேன்" என்றார்.

"மேடம், மூணு மணி ஆகுது" என்றேன்.

"எனக்கும் கடிகாரம் தெரியும்மா. இப்படி அவசரக்குடுக்கையா இருந்தா பேப்பர்ல எப்படி வச்சிருக்காங்க உங்கள?"

பதிவேடு பொது ஆவணம். கட்டணம் கட்டியவர் ஊழியர் முன்னால் உட்கார்ந்து பார்க்கலாம். பதிவறையின் வாசலில் போட்டிருந்த மேஜையில் என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். கூரைவரை இரும்பு அடுக்குகள். ஏணியில் ஏறி, வாசல் கதவில் பாதி அளவு இருந்த ஒரு பேரேட்டை இறக்கி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். உதவிக்குப் போனேன். "தொடாதீங்க, கையில வேர்வை" என்றார்.

21406 இருந்த பக்கம் வந்தது. மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்தார், கண் அடுத்த வரிக்கு வழுக்கிவிடக் கூடாதென்று. வேட்பாளரின் பெயர் இருந்தது. தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கல்லூரி, பட்டம் வாங்கிய மாதம் எல்லாவற்றையும் என் போனில் இருந்த சான்றிதழோடு ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். அத்தனையும் சரி. ஆனால் அந்த வரி முழுக்கச் சிவப்பு மையில் ஒரு கோடு. கடைசிக் கட்டத்தில் 'காலமானார், பெயர் நீக்கப்பட்டது' என்று எழுதி, ஒரு கடிதத்தின் எண், தேதி, அதன்கீழ் சுருட்டிப் போட்ட ஒரு சின்னக் கையெழுத்து. தேதி முப்பத்துமூன்று வருடத்துக்கு முந்தியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி ரத்தம் தலைக்கேறியது.

"செத்துப்போனவங்க நம்பர் மேடம் இது! யாரோ செத்துப்போன டாக்டரோட நம்பர எடுத்து இந்தம்மா வச்சுட்டிருக்காங்க!"

அங்கேயே போனை எடுத்துத் தலைப்பைத் தட்டினேன். 'செத்த டாக்டரின் எண்ணில் ஒரு வேட்பாளர்.' தட்டிய கையோடு பெருமையாக அவரிடம் காட்டியும் தொலைத்தேன். அவர் படித்தார். ஸ்கேலைக் கொஞ்சம் நகர்த்தினார். அந்தச் சின்னக் கையெழுத்து ஸ்கேலுக்கு அடியில் மறைந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏம்மா, கோடு போட்டிருக்குன்னா அவங்க செத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. யாரோ கோடு போட்டிருக்காங்கன்னு அர்த்தம்."

"ஆபீஸ் ரெகார்டு மேடம்! சிவப்பு மையில எழுதியிருக்கு!"

"மை என்ன பண்ணும்? கடுதாசியப் பாக்கணும்" என்றார். பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு, "வெப்சைட்டுல இன்னொரு டாக்டரம்மா இருக்காங்கன்னீங்களே, என்ன நம்பர்?" என்று கேட்டார்.

"3118."

அந்தப் பழைய பேரேட்டையும் இறக்கினார். ஸ்கேலை வைத்தார். 3118-இன் வரி ஒரு கறையும் இல்லாமல் இருந்தது. பிறந்த தேதியில் விரலை வைத்து மனதுக்குள் கூட்டிப் பார்த்தார்.

"இவங்களுக்கு இப்ப தொண்ணூத்தேழு வயசு. உயிரோட இருக்காங்கன்னு நம்ம புஸ்தகம் சொல்லுது. இருக்கலாம், நல்லாருக்கட்டும். ஆனா உங்களுக்குத் தோணலையா?"

எழுபது வருடத்துக்கு முந்திய பதிவு என்பதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. வேட்பாளர் கிழவியின் பெயரைத் திருடிவிட்டார் என்றுதான் தோன்றியிருந்தது. ஒருவர்மேல் சந்தேகம் வந்துவிட்டால் பார்ப்பதெல்லாம் அதற்குத் தீனியாகத்தான் போகிறது.

சீட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு மறுபடி உள்ளே போனார். இருபது நிமிடம். இரும்பு அலமாரி திறக்கும் சத்தம், கட்டு அவிழ்க்கும் சத்தம், ஒரு தும்மல், இன்னொரு தும்மல். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியரிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. மணி நாலு அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து அவர் இரண்டு கோப்புகளோடு வந்தார். புடவை முழுக்கத் தூசி. முகத்தைப் பார்த்தால் யாரோ கொஞ்சம் வயதைக் கூட்டிவிட்டதுபோல் இருந்தது.

ஒன்று, அந்த இறப்புக் கடிதம். ஒரு மருத்துவமனை எழுதியது. எங்கள் மூத்த மருத்துவர் இன்ன பெயர் உடையவர் இன்ன தேதியில் காலமானார், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிக்கொள்ளவும். பதிவு எண் அதில் எழுதப்படவில்லை. இன்னொன்று, 21406-க்குக் கொடுத்த பழைய விண்ணப்பம். அதில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. எண்ணெய் வழியச் சீவிய தலையோடு இருபத்தைந்து வயதுப் பெண் முறைத்துக்கொண்டிருந்தாள். முகம் சுவரொட்டியில் பார்த்த முகம்தான். ஆனால் அந்த அம்மா முகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. "முகத்த வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தேதியும் கல்லூரியும் அப்பா பேரும் ஒத்துப் போகுது, அத சொல்றேன்" என்றார்.

பிறகு கடிதத்தின் மூன்றாவது வரியை ஸ்கேலால் காட்டினார். "படிங்க."

'முப்பத்தெட்டு ஆண்டுகள் அரும்பணி ஆற்றிய' என்று இருந்தது.

"இந்தக் கடுதாசி வந்தப்போ 21406 பதிவு பண்ணி நாலு வருஷம்தான் ஆச்சு. நாலு வருஷத்துல முப்பத்தெட்டு வருஷ சேவை எப்படிம்மா பண்ண முடியும்? செத்தது 3118. கோடு விழுந்தது 21406 மேல. அப்புறம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனப்போ, சிவப்புக் கோடு போட்ட வரிய ஏத்த வேண்டாம்னு உத்தரவு. அதனால உயிரோட இருக்கிறவங்க விட்டுப்போயிட்டாங்க. செத்தவங்க ஏறிட்டாங்க."

"இத்தனை வருஷமா அவங்களுக்கே தெரியலையா?"

"எப்படித் தெரியும்? வேலைக்குச் சேரும்போது ஒரு தடவ சான்றிதழக் காட்டியிருப்பாங்க. அப்பல்லாம் ஒரு தடவ பதிஞ்சா ஆயுசுக்கும். புதுப்பிக்கணும்கிற சட்டம் வந்தப்போ அவங்க தொழில விட்டுட்டாங்க. யாரும் கேக்கல, அவங்களும் வரல."

என் கோபத்துக்கு ஒரு திசை வேண்டுமே. வேட்பாளர்மேல் இருந்த கோபத்தை அப்படியே தூக்கி வேறு பக்கம் திருப்பினேன். "எந்த முட்டாள் மேடம் இப்படி ஒரு கோட்டப் போட்டது? ஒரு மனுஷிய உயிரோட சாகடிச்சிருக்காங்க! கடுதாசிய முழுசாக்கூடப் படிக்காம!"

அவர் ஸ்கேலை எடுத்தார். சுருட்டிப் போட்ட அந்தச் சின்னக் கையெழுத்து வெளியே வந்தது.

"நான்தான்" என்றார்.

"வேலைக்குச் சேந்த மொத வருஷம். எங்கப்பா இதே ஆபீஸ்ல இருந்து, சர்வீஸ்லயே போய்ட்டாரு. அந்த வேலைய எனக்குக் குடுத்தாங்க. பேரு அட்டைங்க ஒரு இழுப்பறையில இருக்கும். கடுதாசியில நம்பர் இல்லேன்னா அட்டையப் பாத்து, வயசு, கல்லூரி எல்லாம் ஒத்துப்போகுதான்னு பாத்துத்தான் கோடு போடணும். நான் மொத அட்டைய எடுத்தேன். பேரு சரியா இருந்துச்சு. கோட்டப் போட்டுட்டேன். பின்னால இன்னொரு அட்ட இருந்திருக்கு. பாக்கல."

வாழ்நாள் முழுக்க ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டவர் அவர். பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான்.

நான் கேட்டது பதிவேட்டில் 21406 என்ன சொல்கிறது என்பது. அந்தப் பக்கத்துக்கு ஒரு சான்றிட்ட நகல் போட்டுக் கொடுத்திருந்தால் அவர் கடமை முடிந்தது. அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. 'காலமானார், நீக்கப்பட்டது.' நானும் அதை வாங்கிக்கொண்டு கால் தரையில் படாமல் ஓடியிருப்பேன், மறுநாள் ஊர் முழுக்க என் தலைப்பு இருந்திருக்கும். அந்தக் கையெழுத்து யாருடையது என்று யார் கேட்கப் போகிறார்கள்? மூன்று மாதத்தில் அவருக்கு ஓய்வு.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அலுவலகக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் இரண்டு பேரேடு, இரண்டு கோப்பு, சீட்டு எல்லாவற்றோடும் பதிவாளர் அறைக்குப் போனோம். பதிவாளர் நல்ல மனிதர், ஆனால் ஒரு கையெழுத்துப் போட நாலு முறை யோசிக்கிறவர். குறிப்பைப் படித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் எதுக்கும்மா இப்ப? நகல் கேட்டிருக்காங்க, நகல் குடுப்போம். தப்பு நடந்திருக்குன்னா அடுத்த கூட்டத்துல மன்றத்து முன்னால வச்சுக்கலாம்."

"கூட்டம் அடுத்த மாசம் சார். தேர்தல் ஞாயித்துக்கிழம."

"தேர்தலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

"நகல மட்டும் குடுத்தா அந்தம்மா செத்துட்டாங்கன்னு நம்ம முத்திரையோட போகும் சார். தெரிஞ்சே போகும். நேத்துவரைக்கும் தெரியாது, இன்னிக்குத் தெரியும்."

அவர் மறுபடி குறிப்பைப் பார்த்தார். "சரி. ஆனா இத இப்படி எழுதணுமா? 'நான்', 'நான்'னு மூணு எடத்துல வருது. புதுசா சேந்த நேரம், பயிற்சி தரலன்னு எழுதுங்க. இல்லேன்னா 'எழுத்துப் பிழையால்'னு விட்டுடுங்க. உங்களுக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு."

"மூணு மாசம்தான் இருக்கு சார். அதனாலதான் இன்னிக்கே எழுதிட்டேன். நான் போனப்புறம் யாரக் கேப்பீங்க?"

பதிவாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கடிதம் தயாரானது. பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் பதிவாளருக்குத் தனியாகக் கிடையாது, மன்றத்தின் தீர்மானம் வேண்டும். ஆகவே திருத்திவிட்டோம் என்று கடிதத்தில் எழுதவில்லை. 21406 என்ற எண்ணில் இன்னார் முறைப்படி பதிவு செய்யப்பட்டவர். அவர் பெயர்மேல் போடப்பட்ட இறப்பு நீக்கம், அதே பெயருடைய வேறு ஒருவருக்காக வந்த கடிதத்தின் பேரில் இந்த அலுவலகத்தின் தவறால் செய்யப்பட்டது என்று ஆவணங்களிலிருந்து தெரிகிறது. திருத்தம் மன்றத்தின் முன் வைக்கப்படும். அவர் பதிவைப் புதுப்பிக்கவில்லை என்பதால் இப்போது வைத்தியம் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. கடைசி வரியை விட்டுவிடலாமே என்றேன் நான். "எப்படி விடறது? அதுவும் உண்மதானே" என்றார் எங்கே பார்த்தீங்க அம்மா.

முத்திரை விழும்போது மணி ஐந்து பத்து. ஓடும்போது வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்ற அந்த அம்மாவின் கணவரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தினமும் மாலையில் மனைவியைக் கூட்டிப் போக வருவார். எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்த அந்த அம்மா நின்ற இடத்திலேயே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மனிதர் ஹெல்மெட்டை நீட்டினார். "அப்ப முப்பத்துமூணு வருஷமா ஒரு கொலைகாரி கையிலயா சாப்பிட்டுட்டிருந்தேன்? ஏறு, ஏறு." அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். நான் ஆட்டோவில் ஏறினேன்.

என் தலைப்பை அழித்தேன். மொட்டைக் கடிதத்தில் சொன்னது பொய், மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தவறு, மன்றமே ஒப்புக்கொண்டது என்று மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. தேர்தலில் காய்ச்சல் டாக்டர் தோற்றுப்போனார், சில நூறு ஓட்டில். தோற்றார், ஆனால் போலி என்ற பெயரோடு தோற்கவில்லை.

அடுத்த மாதம் மன்றம் கூடியது. 21406-ஐ மீண்டும் சேர்க்கவும், 3118-ஐ நீக்கவும் தீர்மானம் போட்டார்கள். தவறு செய்தவருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. அது அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியது. முப்பத்துநாலு வருடத்தில் அதில் ஏறிய ஒரே கறை அதுதான், அதுவும் அவரே எழுதிக் கொடுத்தது.

மறுசேர்க்கை அன்று காய்ச்சல் டாக்டர் நேரில் வந்திருந்தார். தேர்தல் முடிந்ததும் மறுபடி வைத்தியம் பார்க்க ஆசை வந்துவிட்டதாம். சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றிய சான்றிதழ், பட்டம், அடையாள அட்டை, தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம், புதுப்பிப்பு விண்ணப்பம் எல்லாம் ஒரு துணிப்பையில். நானும் செய்திக்காகப் போயிருந்தேன். நான் சரிபார்க்கிற ஆள், செய்தி சேகரிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா டைரக்டரிகளின் மேலிருந்து இறங்கி எழுந்து நின்றார். கை கூப்பினார்.

"உங்கள சாகடிச்சது நான்தாம்மா. என்ன மன்னிச்சிடுங்க."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "பேப்பர்ல படிச்சேன். எழுப்பிவிட்டதும் நீங்கதானாமே. முப்பத்தேழு வருஷத்துல எத்தனையோ டாக்டருங்களப் பாத்துட்டேன். நானும் தப்புப் பண்ணியிருக்கேன். 'இந்தத் தப்பு நான் பண்ணது'ன்னு யாரும் கேக்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஒருத்தர நான் பாத்ததில்ல. நானும் குடுத்ததில்ல." பிறகு, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் நன்றி. அவனவன் கெடச்சதப் போட்டுக் கிழிக்கிற நேரத்துல, நீங்க நேர்ல போய் விசாரிச்சீங்க. உங்கள மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான்…"

எனக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது. நானும் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். சிரிக்கும்போது அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் போனில் அந்தத் தலைப்பைப் படித்த ஒரே ஆள் அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் பார்த்த இடங்களைத்தான் எழுதுவார். அடுத்தவர் தப்பை எழுத மாட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன். "உங்களச் செத்துட்டீங்கன்னு நானும் எழுதிட்டேன். தலைப்பே போட்டு வச்சிட்டேன். நான் நேர்ல வந்தது இவங்க போன வச்சதால. இல்லேன்னா பன்னெண்டு மணிக்கே போகலாம்னு கையெழுத்துப் போட்டிருப்பேன்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தலைப்பு?"

சொன்னேன். அவர் அதை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்ததுபோல் இருந்தது. "நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எங்கே பார்த்தீங்க அம்மாவும் சிரித்தார். "அவசரக்குடுக்கைன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, நெஞ்சிலிருந்து ஒரு பாரமும் இறங்கியது.

பேரேடு வந்தது. 21406. ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி, 'மீண்டும் சேர்க்கப்பட்டது' என்று நீல மையில் எழுதினார். பதிவாளர் கையெழுத்திடும் இடத்தை விட்டுவிட்டு, 'எழுதியவர்' என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினார், சுருட்டிப் போடவில்லை. அடுத்து 3118. தொண்ணூற்றேழு வயது வரை புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருந்த அந்தப் பெரிய டாக்டரம்மாவின் வரியில் சிவப்புக் கோட்டை மெதுவாக இழுத்தார். இழுக்கும் முன், இழுப்பறையிலிருந்து எடுத்து வந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினார்.

"நீங்களும் பாத்துக்குங்க ரெண்டு பேரும்."

பார்த்தோம். அவருக்கு ஓய்வு கொடுத்து இப்போது நாலு வருடம். இந்த நாலு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய செய்திகளில் எத்தனை பேருடைய பெயர் கெடாமல் தப்பியதோ தெரியாது. அத்தனை பேர் சார்பிலும், கெடுக்கவிருந்த என் சார்பிலும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.